போக ஒரு நடை, வர ஒரு நடை

வெள்ளைத் தாளின் மேல் ஒரு கைப்பிடி கறுப்புக் கொண்டைக்கடலையைக் கொட்டி, நேர் மேலிருந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தாளில் எத்தனை கடலை இருக்கிறது என்று கணினி எண்ணிச் சொல்ல வேண்டும். முதல் வேலை சுலபம். ஓர் அளவுக்கு மேல் வெளிச்சமாக இருக்கும் பிக்சலெல்லாம் வெள்ளை, மற்றதெல்லாம் கறுப்பு என்று பிரித்துவிட்டால், சாம்பல் நிறமே இல்லாத கறுப்பு வெள்ளைப் படம் கிடைத்துவிடும். அதில் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும் கறுப்புப் பிக்சல்களை ஒரு திட்டு என்று எடுத்துக்கொண்டு, திட்டுகளை எண்ணினால் கடலையின் எண்ணிக்கை வந்துவிட வேண்டும்.

ஆனால் சரியாக வராது. கைப்பிடிக் கடலையைக் கொட்டினால் இரண்டு மூன்று கடலைகள் தொட்டுக்கொண்டுதான் கிடக்கும். நம் கண்ணுக்கு அது இரண்டு கடலை. கணினிக்கு அது இடுப்பு சிறுத்த ஒரே திட்டு. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு கறுப்புப் பிக்சல் பாலமாக இருந்தாலும் போதும், இரண்டு ஒன்றாகிவிடும்.

இதைப் பிரிக்க ஒவ்வொரு கறுப்புப் பிக்சலிடமும் ஒரே கேள்வியைக் கேட்கலாம்: உனக்கு மிக அருகில் இருக்கும் வெள்ளைத் தாள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? ஓரத்தில் இருக்கும் பிக்சல் சின்ன எண்ணைச் சொல்லும். கடலையின் நடுவில் இருப்பது பெரிய எண்ணைச் சொல்லும். இரண்டு கடலை தொடும் இடுப்பில் இருக்கும் பிக்சலுக்கு மேலும் கீழும் தாள் பக்கத்திலேயே இருப்பதால், அதுவும் சின்ன எண்ணையே சொல்லும். பதில்களையெல்லாம் அந்தந்தப் பிக்சலின் இடத்தில் எழுதி வைத்தால், தட்டையாக இருந்த கறுப்புத் திட்டு இரண்டு குன்றுகளாக எழுந்து நிற்கும். குன்றுகளின் உச்சியை எண்ணினால் கடலையை எண்ணியதாகிவிடும். இப்படி எண்கள் எழுதிய படத்துக்குத் தொலைவுப் படம் என்று பெயர்.

கேள்வி எளிது. பதிலைக் கண்டுபிடிப்பதில்தான் சிக்கல். 1000 பிக்சல் அகலமும் 1000 பிக்சல் உயரமும் உள்ள ஒரு சிறிய படத்திலேயே 10 லட்சம் பிக்சல்கள் இருக்கின்றன. பாதி கறுப்பு, பாதி வெள்ளை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கறுப்புப் பிக்சலிலிருந்தும் ஒவ்வொரு வெள்ளைப் பிக்சலுக்கும் அளந்து பார்த்து, மிகக் குறைந்ததை எடுப்பது என்றால் 5 லட்சத்தை 5 லட்சத்தால் பெருக்க வேண்டும். 25,000 கோடி அளவைகள் ஆகின்றன. நீள அகலத்தை இரட்டிப்பாக்கினால் இந்த எண் 16 மடங்காகும்.

1966-ல் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அஸ்ரியல் ரோசன்ஃபெல்ட், ஜான் ஃபால்ட்ஸ் இருவரும் எழுதிய ஒரு கட்டுரை இந்தக் கணக்கை அடியோடு சுருக்கியது. படத்தின் மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலை வரைக்கும் ஒரு நடை, அங்கிருந்து திரும்பி மேல் இடது மூலைக்கு ஒரு நடை. அதற்குள் எல்லாப் பிக்சலுக்கும் பதில் தயாராகிவிடும். வழியில் எந்தப் பிக்சலும் தொலைவில் இருப்பவற்றைப் பார்ப்பதில்லை. தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கத்துப் பிக்சல்களை மட்டுமே விசாரிக்கிறது.

ஒரே வரிசையில் பார்ப்போம்

கணக்கு நோட்டில் ஏழு கட்டம் உள்ள ஒரு வரிசையை எடுத்துக்கொள்வோம். இரண்டு முனையிலும் வெள்ளை, நடுவில் ஐந்து கறுப்பு. வெள்ளையிலிருந்து வெள்ளைக்குத் தூரம் கிடையாது என்பதால் அங்கே 0 எழுதுகிறோம். கறுப்புக்கு இன்னும் பதில் தெரியாது. அதனால் எவ்வளவு பெரியதாகவும் இருக்கலாம் என்பதற்கு அடையாளமாக முடிவிலிக் குறியைப் போடுகிறோம்.

```
தொடக்கம்    :  0  ∞  ∞  ∞  ∞  ∞  0
போகும் நடை :  0  1  2  3  4  5  0
வரும் நடை  :  0  1  2  3  2  1  0
```

போகும்போது ஒவ்வொரு கட்டமும் தன் இடப்பக்கத்துக் கட்டத்தைப் பார்க்கிறது. அதில் இருப்பதோடு 1 கூட்டினால் வருவது தன்னிடம் இருப்பதைவிடக் குறைவா? குறைவென்றால் அதை எழுதிக்கொள்கிறது. வரிசையின் கடைசியில் இருக்கும் கறுப்புக் கட்டத்துக்கு 5 வந்துவிட்டது. பக்கத்திலேயே வெள்ளை இருப்பது அதற்கு இன்னும் தெரியாது, ஏனென்றால் அது இடப்பக்கத்துச் செய்தியை மட்டுமே கேட்டிருக்கிறது.

வரும்போது வலப்பக்கத்தைக் கேட்கிறது. கடைசிக் கறுப்புக் கட்டம் 5 வைத்திருக்கிறது. வலப்பக்கத்தில் 0, ஒன்று கூட்டினால் 1. அதனால் 5 அழிந்து 1 ஆகிறது. அடுத்தது 4 வைத்திருந்தது. 1 கூட்டல் 1 என்று 2 ஆகிறது. நடுக்கட்டத்துக்கு இரண்டு பக்கமிருந்தும் 3-தான், மாற்றமில்லை. அதற்கு இடப்பக்கம் இருப்பது 2 வைத்திருக்கிறது. வலப்பக்கமிருந்து வரும் 4 அதைவிடப் பெரியது, ஆகவே பழைய எண்ணே நிலைக்கிறது. வேலை முடிந்தது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரு கட்டத்தில் எழுதிய புது எண்ணை, அடுத்த கட்டம் அந்த நொடியே எடுத்துப் பயன்படுத்துகிறது. முதல் கட்டத்துக்கு 1 வந்ததால்தான் இரண்டாவதற்கு 2 வந்தது, அதனால்தான் மூன்றாவதற்கு 3 வந்தது. பழைய படத்தைத் தொடாமல், மாற்றங்களைத் தனியாக ஒரு நகலில் எழுதிவந்தால் இது நடக்காது. ஒரு நடைக்கு ஒரு கட்டம்தான் செய்தி நகரும். 300 பிக்சல் அகலமுள்ள திட்டுக்கு ஏறக்குறைய 150 நடை போக வேண்டியிருக்கும். ரோசன்ஃபெல்ட், ஃபால்ட்ஸ் கட்டுரையின் கருவே இதுதான். எல்லாப் பிக்சலையும் ஒரே சமயத்தில் மாற்றுவதாக நினைக்காமல், ஒன்றன்பின் ஒன்றாக, அதே இடத்திலேயே மாற்றிக்கொண்டு போனால் ஒரே நடையில் செய்தி கடைசி வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும் என்று அவர்கள் காட்டினார்கள்.

மூலைக்குப் போக எத்தனை?

வரிசையிலிருந்து படத்துக்கு வந்தால், ஒரு கட்டத்துக்கு எட்டுப் பக்கத்துக் கட்டங்கள் உண்டு. நான்கு நேராகத் தொடுகின்றன, நான்கு மூலையில் தொடுகின்றன. நேராக ஓரடி வைக்க 1 என்றால், மூலைக்கு ஓரடி வைக்க எவ்வளவு?

மூலை வழியே போகக் கூடாது, வலது பக்கம் ஒன்று, கீழே ஒன்று என்றுதான் போக வேண்டும் என்று வைத்தால் மூலைக்கு 2 ஆகிவிடும். அளவுகோல் வைத்து அளந்தால் உண்மையில் அது சுமார் 1.414-தான். 41 சதவீதம் அதிகமாகக் கணக்கிடுகிறோம். மாறாக, மூலையும் ஓரடிதான் என்று 1 போட்டால் 29 சதவீதம் குறைந்துபோகும். முதல் முறையில் ஒரு புள்ளியிலிருந்து ஒரே தூரத்தில் இருப்பவற்றைக் கோடு போட்டு இணைத்தால் வட்டத்துக்குப் பதில் சாய்சதுரம் வரும். இரண்டாவதில் சதுரம் வரும். கடலை உருண்டையாக இருக்கும்போது இந்த இரண்டுமே நல்ல அளவுகோல் அல்ல.

ஸ்வீடனைச் சேர்ந்த குனில்லா போர்கெஃபோர்ஸ் 1980-களில் இதற்கு எந்த எண்கள் பொருத்தமானவை என்று முறையாக ஆராய்ந்து, 1986-ல் விரிவான கட்டுரையாக வெளியிட்டார். அதில் மிகவும் பரவிய ஜோடி மிக எளிமையானது: நேராக ஓரடிக்கு 3, மூலைக்கு ஓரடிக்கு 4. தசமப் புள்ளியே தேவையில்லை. முழு எண்களாகவே கூட்டிக்கொண்டு போய்க் கடைசியில் 3-ஆல் வகுத்துக்கொள்ளலாம். மூலைக்கு 4-ஐ 3-ஆல் வகுத்தால் 1.333 வருகிறது, உண்மையான 1.414-ஐவிட 6 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவான பிழை. எந்தத் திசையில் அளந்தாலும் பிழை அந்த அளவைத் தாண்டுவதில்லை. சமதூரக் கோடு இப்போது எண்கோணமாகிறது. சதுரத்தின் நான்கு முனையையும் சீவிவிட்டது போன்ற வடிவம். மேசை விளிம்பின் கூர் முனையைச் சீவி விடுவதற்குத் தச்சு வேலையில் சாம்ஃபர் என்ற சொல் உண்டு. இந்தத் தூரத்துக்கும் சாம்ஃபர் தூரம் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இனி இரண்டு நடைக்கும் விதியைச் சொல்லிவிடலாம். போகும் நடை மேல் வரிசையில் தொடங்கி, ஒவ்வொரு வரிசையிலும் இடமிருந்து வலமாக, கீழ் வரிசை வரைக்கும் போகிறது. ஒவ்வொரு கட்டமும் தனக்கு முன்பே நடந்து முடிந்த நான்கு பக்கத்துக் கட்டங்களை மட்டும் பார்க்கிறது. இடப்பக்கம் இருப்பதோடு 3, நேர் மேலே இருப்பதோடு 3, மேல் மூலைகள் இரண்டோடும் 4 கூட்டி, தன்னிடம் இருப்பதையும் சேர்த்து எது குறைவோ அதை வைத்துக்கொள்கிறது. வரும் நடை இதன் கண்ணாடிப் பிம்பம். கீழ் வலது மூலையில் தொடங்கி, வலப்பக்கம், நேர் கீழ், கீழ் மூலைகள் இரண்டு என்று மற்ற நான்கையும் பார்க்கிறது.

வெள்ளை ஒரே ஒரு புள்ளியாக நடுவில் இருக்கும் ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் இதைப் போட்டுப் பார்த்தால், போகும் நடை முடிந்ததும் இப்படி இருக்கும்:

```
∞  ∞  ∞  ∞  ∞
∞  ∞  ∞  ∞  ∞
∞  ∞  0  3  6
∞  4  3  4  7
8  7  6  7  8
```

செய்தி வலது பக்கமும் கீழ்ப்பக்கமும் பரவியிருக்கிறது. மேலே இருக்கும் இரண்டு வரிசைக்கும் ஒன்றும் தெரியாது. வரும் நடை முடிந்த பிறகு:

```
8  7  6  7  8
7  4  3  4  7
6  3  0  3  6
7  4  3  4  7
8  7  6  7  8
```

நான்கு பக்கமும் ஒரே மாதிரி. 10 லட்சம் பிக்சல் உள்ள படத்தில் ஒவ்வொரு பிக்சலுக்கும் இரண்டு நடையிலும் சேர்த்து எட்டுக் கூட்டல், எட்டு ஒப்பீடு. மொத்தம் 80 லட்சம் கூட்டல்தான். 25,000 கோடியோடு ஒப்பிட்டால் முப்பதாயிரத்தில் ஒரு பங்குதான் வேலை. படம் பெரிதானாலும் ஒரு பிக்சலுக்கான வேலை கூடுவதில்லை.

இரண்டு நடை எப்படிப் போதும்?

இந்த முறையை முதன்முதலாகக் கேட்கிறவர்களுக்கு எழும் சந்தேகம் நியாயமானது. வெள்ளையிலிருந்து ஒரு கறுப்புக்குப் போகும் குறுக்கு வழி வளைந்து நெளிந்து போகலாமே. கொஞ்சம் கிழக்கே, கொஞ்சம் வடக்கே, மறுபடி கிழக்கே என்று போனால் இரண்டு நடையில் அந்தச் செய்தி எப்படி முழுதாகப் போய்ச் சேரும்?

விடை நம் தெருவிலேயே இருக்கிறது. கிழக்கே மூன்று தெரு, வடக்கே இரண்டு தெரு தள்ளியிருக்கும் வீட்டுக்குப் போக வேண்டும். முதலில் கிழக்கே மூன்றையும் நடந்துவிட்டு வடக்கே திரும்பலாம். அல்லது ஒன்று மாற்றி ஒன்று போகலாம். எந்த வரிசையில் போனாலும் அதே வீட்டுக்குத்தான் வருவோம், நடந்த தூரமும் அதேதான். அடிகளின் வரிசையை மாற்றினால் போய்ச்சேரும் இடம் மாறுவதில்லை.

போகும் நடையால் எந்தத் திசைகளில் செய்தியைக் கொண்டுபோக முடியும் என்று பாருங்கள். கட்டம் தன் இடப்பக்கத்தைப் பார்ப்பதால் செய்தி கிழக்கே போகிறது. மேலே பார்ப்பதால் தெற்கே போகிறது. மேல் மூலைகளைப் பார்ப்பதால் தென்கிழக்கும் தென்மேற்கும் போகிறது. மீதி நான்கு திசையும், அதாவது மேற்கு, வடக்கு, வடகிழக்கு, வடமேற்கு நான்கும், வரும் நடையின் பொறுப்பு. எட்டுத் திசையும் இந்த இருவருக்குள் பங்கு போடப்பட்டுவிட்டன.

இனி எந்தக் குறுக்கு வழியை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடிகளைக் கலைத்து, போகும் நடைக்குரிய அடிகளையெல்லாம் முன்னால் வைத்து, வரும் நடைக்குரியவற்றைப் பின்னால் வைத்துவிடலாம். தூரம் மாறாது, முடிவிடமும் மாறாது. முதல் பாதியைப் போகும் நடை முழுவதுமாகக் கொண்டுபோய் நிறுத்தும். மிச்சத்தை வரும் நடை அங்கிருந்து எடுத்துச் செல்லும். மேலே உள்ள கட்டத்தில் இரண்டாவது வரிசையின் கடைசியில் இருக்கும் 7-ஐப் பாருங்கள். நடுப் புள்ளியிலிருந்து கிழக்கே ஓரடி, வடகிழக்கே ஓரடி. போகும் நடை கிழக்கே ஓரடி வைத்து 3 என்று எழுதி நிறுத்தியது. வரும் நடை அந்த 3-ஐ எடுத்து வடகிழக்கே ஓரடி வைத்து 7 ஆக்கியது. ஒருவர் கொண்டுவந்து கொடுத்ததை மற்றவர் வாங்கிக்கொண்டு ஓடுவது போல.

கடலைக்குத் திரும்புவோம்

இரண்டு கடலை ஒன்றையொன்று தொடும் படத்தைச் சிறியதாக்கிக் கட்டத்தில் வரைந்தால் இப்படி இருக்கும். # என்பது கடலை, புள்ளி என்பது தாள்.

```
. . . . . . . . . . . . .
. . # # # . . . # # # . .
. # # # # # . # # # # # .
. # # # # # # # # # # # .
. # # # # # . # # # # # .
. . # # # . . . # # # . .
. . . . . . . . . . . . .
```

தாளுக்கெல்லாம் 0, கடலைக்கெல்லாம் முடிவிலி என்று வைத்து இரண்டு நடையும் போய் வந்தால் கிடைப்பது:

```
0 0 0 0 0 0 0 0 0 0 0 0 0
0 0 3 3 3 0 0 0 3 3 3 0 0
0 3 4 6 4 3 0 3 4 6 4 3 0
0 3 6 8 7 4 3 4 7 8 6 3 0
0 3 4 6 4 3 0 3 4 6 4 3 0
0 0 3 3 3 0 0 0 3 3 3 0 0
0 0 0 0 0 0 0 0 0 0 0 0 0
```

நடு வரிசையை மட்டும் வாசித்துப் பாருங்கள்: 3, 6, 8, 7, 4, 3, 4, 7, 8, 6, 3. ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, இறங்குகிறது. இரண்டு உச்சியிலும் 8. இரண்டுக்கும் நடுவில் பாலமாக இருந்த பிக்சலில் வெறும் 3. இப்போது 6-க்குக் குறைந்ததையெல்லாம் அழித்துவிட்டால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்னக் கூட்டல் குறி வடிவங்கள்தான் மிஞ்சும். அவை ஒன்றையொன்று தொடவில்லை. திட்டுகளை எண்ணினால் இரண்டு.

எந்த எண்ணில் வெட்டுவது என்பதைப் படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கடலைகளின் பாதி அகலத்துக்கும், அவை தொடும் இடுப்பின் பாதி அகலத்துக்கும் நடுவில் அந்த எண் இருக்க வேண்டும். தாராளமாக உயர்த்தினால் சின்னக் கடலைகள் அடியோடு மறைந்து எண்ணிக்கை குறையும். தாழ்த்தினால் அழுத்தமாக ஒட்டிக் கிடக்கும் ஜோடிகள் பிரியாமல் போகும். ஒரு கடலை 40 பிக்சல் அகலம் என்றால் உச்சியில் சுமார் 60 வரும். 3-ஆல் வகுத்தால் 20, அதாவது அரைக் கடலை அகலம். அங்கே சாம்ஃபர் தூரத்தின் பிழை ஒரு பிக்சலைச் சற்றுத் தாண்டலாம். எண்ணுவதற்கு அது ஒரு பொருட்டே இல்லை.

இந்த முறை உருண்டைக்குத்தான் சொன்ன பேச்சைக் கேட்கும். அரிசியைக் கொட்டினால் நிலைமை வேறு. அரிசி மணி நீளமானது. அதன் நடுவில் உச்சிக்குப் பதில் நீண்ட முதுகு போன்ற மேடு வரும். மணி கொஞ்சம் மேடு பள்ளமாக இருந்தால் அந்த முதுகில் இரண்டு மூன்று சிறு உச்சிகள் முளைத்து, ஒரு மணியை மூன்று என்று எண்ண வைக்கும்.

எங்கே தவறும், எப்படிக் கண்டுபிடிப்பது

முதல் எதிரி ஒற்றைப் புள்ளி. கடலையின் பளபளப்பில் விளக்கு வெளிச்சம் பட்டு, நடுவில் ஒரே ஒரு பிக்சல் வெள்ளையாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மேலே உள்ள இடது கடலையில் 8 இருந்த இடம் 0 ஆகிவிடும். அதோடு நிற்காது. சுற்றியிருந்த 6, 7 எல்லாம் 3 ஆகிவிடும், ஏனென்றால் அவற்றுக்கு இப்போது மிக அருகில் இருக்கும் வெள்ளை அந்தப் புள்ளிதான். மொத்தக் கடலையிலும் மிகப் பெரிய எண் 4-ஆகக் குறைந்துபோகும். 6-ல் வெட்டினால் அந்தக் கடலையே காணாமல் போகும். ஆகவே தொலைவுப் படம் போடும் முன், கடலைக்குள் இருக்கும் இத்தகைய ஓட்டைகளை அடைத்துவிட வேண்டும். தொலைவுப் படத்தைத் திரையில் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும்: குன்று இருக்க வேண்டிய இடத்தில் வளையம் போன்ற மேடும் நடுவில் குழியும் இருக்கும்.

இரண்டாவது தவறு எண்ணை வைக்கும் பெட்டியின் அளவு. ஒரு பிக்சலுக்கு ஒரு பைட் மட்டும் ஒதுக்கினால் அதில் 255 வரைக்கும்தான் எழுத முடியும். முடிவிலிக்குப் பதிலாக 255 வைத்துவிட்டு அதோடு 3 கூட்டினால் 258 வர வேண்டும். பெட்டி நிரம்பி வழிந்து 2 என்று எழுதப்படும். 2 என்பது 255-ஐவிடக் குறைவு என்பதால் கணினி அதையே பதிலாக எடுத்துக்கொள்ளும். முடிவிலியைத் தனியாகக் கவனித்து இதைத் தவிர்த்தாலும், நேராக 85 பிக்சலுக்கு மேல் தொலைவு இருந்தால் எண் மறுபடி வழிந்துவிடும், ஏனென்றால் 85-ஐ 3-ஆல் பெருக்கினால் 255. குன்று சீராக ஏறிக்கொண்டே வந்து திடீரென்று பாதாளத்தில் விழுந்து மறுபடி ஏறினால் காரணம் இதுதான். இரண்டு பைட் ஒதுக்கினால் சரியாகிவிடும்.

மூன்றாவது, கறுப்பும் வெள்ளையும் இடம் மாறுவது. படச் செயலாக்கத்துக்குப் பலரும் பயன்படுத்தும் ஓப்பன்சிவி நிரல் தொகுப்பில் இதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. அது 0 அல்லாத பிக்சல்களிலிருந்து மிக அருகில் இருக்கும் 0-க்குத் தூரம் அளக்கும். படத்தில் கறுப்பு 0, வெள்ளை 255. நம் கடலையோ கறுப்பு. அப்படியே கொடுத்தால் கடலையெல்லாம் 0 ஆகி, தாள்தான் குன்றாக எழும். படத்தைத் தலைகீழாக்கிக் கொடுக்க வேண்டும்:

```
dist = cv2.distanceTransform(255 - img, cv2.DIST_L2, 3)
```

இந்தக் கட்டளை 3, 4 என்ற எண்களுக்குப் பதில் 0.955, 1.3693 என்ற எண்களைக் கூட்டுகிறது. அதனால் கடைசியில் 3-ஆல் வகுக்க வேண்டியதில்லை. வருவது நேரடியாகப் பிக்சல் கணக்கே.

சொந்தமாக எழுதிய நிரலில் வரும் தவறுகளைப் பிடிக்க நல்ல சோதனை ஒன்று உண்டு. படம் முழுக்கக் கறுப்பாக்கி, நடுவில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி வைத்து இரண்டு நடையையும் ஓட விடுங்கள். நான்கு பக்கமும் சமமாக எண்கோணம் வர வேண்டும். நிழல் சாய்ந்தது போலக் கீழ்ப்பக்கமும் வலப்பக்கமும் மட்டும் பரவியிருந்தால் வரும் நடை நடக்கவில்லை, அல்லது அதுவும் தப்பாக மேலிருந்தே தொடங்கியிருக்கிறது. புள்ளியைச் சுற்றி எட்டுக் கட்டம் மட்டும் மாறி மற்றதெல்லாம் முடிவிலியாகவே நின்றால், புது எண்ணை நகலில் எழுதிவிட்டு மூலத்திலிருந்து படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால்

எண்ணுவதற்கு 6 சதவீதப் பிழை தாங்கும். அகலத்தையே அளக்க வேண்டும் என்றால் தாங்காது. ஸ்வீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்-எரிக் டேனியல்சன் 1980-ல் வேறு வழி சொன்னார். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே தூரத்தை வைப்பதற்குப் பதில் இரண்டு எண்களை வைப்பது: அருகிலுள்ள வெள்ளைக்குக் குறுக்கே எத்தனை கட்டம், நெடுக்கே எத்தனை கட்டம். இந்த இரண்டும் தெரிந்தால் பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் தேற்றத்தை வைத்து நேர்க்கோட்டுத் தூரத்தையே கணக்கிடலாம். இங்கேயும் பக்கத்துக் கட்டத்தை விசாரித்துக்கொண்டே நடப்பதுதான் முறை. பெரும்பாலும் துல்லியமாக வரும். மிகச் சில இடங்களில் மட்டும் சிறிது பிசகும். ஒரு கட்டத்துக்கு அருகிலுள்ள வெள்ளைப் புள்ளி, அதன் பக்கத்துக் கட்டங்கள் எதற்குமே மிக அருகிலுள்ள புள்ளியாக இல்லாமல் போகலாம். அப்போது அந்தப் புள்ளியின் பெயரைக் கொண்டுவந்து சேர்க்க ஆள் இருக்காது.

இரண்டு நடையின் பெரிய வரம்பு வேறொன்று. இதுவரைக்கும் வழியில் தடையே இல்லை என்று வைத்துக்கொண்டோம். ஒரு வீட்டின் தரைப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுவரைத் தாண்டாமல், கதவு வழியாகவே வாசலுக்குப் போகும் தூரம் ஒவ்வொரு இடத்திலிருந்தும் எவ்வளவு என்று கேட்கிறோம். சுவருக்குள் எண் போகக் கூடாது என்ற ஒரே நிபந்தனையைச் சேர்த்து இரண்டு நடை போய் வந்தால் பல அறைகளுக்குத் தப்பான பதில் வரும், சில அறைகள் முடிவிலியாகவே நிற்கும். காரணம் நமக்கு இப்போது தெரியும். கிழக்கே மூன்று, வடக்கே இரண்டு என்பதை விருப்பப்படி வரிசை மாற்றலாம் என்பதில்தான் முழு முறையும் நின்றது. நடுவில் சுவர் வந்தால் அந்தச் சுதந்திரம் போய்விடுகிறது. கிழக்கே போய், வடக்கே திரும்பி, மறுபடி கிழக்கே போவதுதான் ஒரே வழி என்றால் அதே வரிசையில்தான் போயாக வேண்டும். அங்கே எண்கள் எதுவும் மாறாமல் நிற்கும் வரைக்கும் போவதும் வருவதுமாகப் பல நடை நடக்க வேண்டும். வழி எத்தனை முறை போக்கை மாற்றுகிறதோ, அதற்கேற்ப நடையும் கூடும்.

கொண்டைக்கடலை கிடக்கும் தாளில் சுவர் எதுவும் இல்லை. அதனால்தான் அங்கே போக ஒரு நடையும் வர ஒரு நடையும் போதுமானதாக இருக்கிறது. மேலே உள்ள ஏழு வரிசைக் கட்டத்தைக் கணக்கு நோட்டில் வரைந்து, பென்சிலால் போகும் நடையை எழுதி, ரப்பரால் அழித்து அழித்து வரும் நடையைத் திருத்திப் பாருங்கள். நடு வரிசையில் இரண்டு 8-களுக்கு நடுவில் 3 வந்து நிற்கும்போது, ஒட்டிக் கிடந்த கடலைகள் உங்கள் கையாலேயே பிரிந்திருக்கும்.